கோப்பில் இருந்த குடும்பமும் வீட்டில் இருந்த குடும்பமும்

இங்கிலாந்தின் வடக்கே, ஆலைகள் மூடிப்போன ஒரு நகரத்தில் சில ஆண்டுகள் குடும்ப ஆதரவுப் பணியாளராக இருந்தேன். உள்ளாட்சி மன்றம் இந்த வேலையை ஒரு தொண்டு நிறுவனத்துக்கு ஒப்பந்தமாகக் கொடுத்திருந்தது. நான் அந்த நிறுவனத்தின் ஊழியன். 2012இல் அரசு தொடங்கிய ஒரு பெரிய திட்டத்தின் கீழ் எங்களுக்குக் குடும்பங்கள் வரும். ஒவ்வொரு குடும்பத்தோடும் ஒரு கோப்பு வரும். குடும்பத்தைப் பார்ப்பதற்கு முன்பே கோப்பைப் படித்துவிடுவோம். அந்த வரிசையைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். சமூகத்தின் அடித்தட்டுக்கும் கீழே கிடக்கும் கூட்டம் என்ற பொருளில் வழங்கும் ‘அண்டர்கிளாஸ்’ என்ற சொல் ஏழைகள் மேலேயே பழி போடுகிறது என்று சமூகவியலாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அந்தப் பழி எந்தக் கட்டத்தில், யார் கையால் ஏறுகிறது என்பதைக் கோப்புகளில் கண்ணால் பார்க்க முடிந்தது.

திட்டத்தின் பெயர் ‘பிரச்சினைக் குடும்பங்கள் திட்டம்’. 2011 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பல நகரங்களில் கலவரம் நடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பிரதமர் டேவிட் கேமரன், நாட்டில் 1,20,000 பிரச்சினைக் குடும்பங்கள் இருப்பதாகவும், 2015க்குள் அத்தனை பேரின் வாழ்க்கையையும் நல்ல திசையில் திருப்பிப் போடப் போவதாகவும் அறிவித்தார். போதை, குடி, குற்றம், தலைமுறை தலைமுறையாக இறங்கிவரும் பொறுப்பின்மை என்ற ரீதியில் இருந்தது பேச்சு. இந்தக் குடும்பங்களுக்காக ஆண்டுக்கு 900 கோடி பவுண்டு செலவாகிறது என்ற கணக்கும் கூடவே வந்தது. கேட்டவர்கள் மனதில் ஒரு படம் பதிந்துவிட்டது: சமூகத்துக்குக் கீழே, நம் விதிகள் எதுவும் செல்லாத, தனியான ஒரு கூட்டம்.

சரி, அந்த 1,20,000 எங்கிருந்து வந்தது? குற்றப் பதிவேட்டிலிருந்தோ காவல்துறைக் கணக்கிலிருந்தோ வரவில்லை. 2004ஆம் ஆண்டுவாக்கில் குடும்பங்களைப் பற்றி எடுத்த ஒரு கணக்கெடுப்பிலிருந்து வந்தது. அமைச்சரவை அலுவலகத்தில் இருந்த சமூக விலக்கப் பணிக்குழு 2007இல் அந்தக் கணக்கெடுப்பை வைத்து ஒரு மதிப்பீடு செய்தது. ஏழு குறைகளைப் பட்டியலிட்டார்கள். பெற்றோரில் ஒருவருக்கும் வேலை இல்லை. வீட்டில் இடநெருக்கடி, அல்லது வீடு மோசமான நிலையில். பெற்றோர் யாருக்கும் கல்வித் தகுதி இல்லை. தாய்க்கு மனநலப் பிரச்சினை. பெற்றோரில் ஒருவருக்காவது நீண்டகால நோய் அல்லது உடற்குறை. இடைநிலை வருமானத்தில் 60 சதவீதத்துக்கும் குறைவான வருமானம். தேவையான உணவும் உடையும் வாங்க முடியாத நிலை. இந்த ஏழில் ஐந்தோ அதற்கு மேலோ உள்ள குடும்பங்கள் இங்கிலாந்தில் ஏறத்தாழ 1,17,000 என்று கணக்கு வந்தது. அதைத்தான் 1,20,000 என்று ஆக்கினார்கள்.

அந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். குற்றம் இல்லை, குடி இல்லை, பள்ளிக்குப் போகாத பிள்ளை இல்லை, அண்டை வீட்டாரின் புகாரும் இல்லை. வறுமையும் நோயும் மோசமான வீடும்தான் இருக்கின்றன. ஆனால் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, குடும்பங்களைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் வேறாக இருந்தது: வீட்டில் யாராவது குற்றத்திலோ சமூக விரோத நடத்தையிலோ ஈடுபட்டிருக்க வேண்டும், பிள்ளை பள்ளிக்கு ஒழுங்காகப் போகாமல் இருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் அரசு உதவித்தொகையில் வாழ வேண்டும். இவற்றோடு, உள்ளாட்சிக்கு அதிகச் செலவு வைக்கும் குடும்பம் என்று அவரவர் பகுதியில் சேர்த்துக்கொள்ளவும் இடம் இருந்தது. எண்ணிக்கை நோயாளிகளையும் ஏழைகளையும் எண்ணியதில் கிடைத்தது. பெயரும் விளக்கமும் குற்றவாளிகளுக்கானவை. இரண்டையும் ஒரே குடும்பங்கள் என்று சேர்த்துவிட்டார்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ரூத் லெவிட்டாஸ் 2012இலேயே இதைத் தெளிவாக எடுத்துக் காட்டினார். அவர் எழுதியதைப் படித்த பிறகுதான் என் மேசையில் இருந்த படிவங்களை வேறு விதமாகப் படிக்கத் தொடங்கினேன்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. சுவீடன் நாட்டுப் பொருளியலாளர் குன்னார் மிர்தால் 1963இல் அமெரிக்காவைப் பற்றி எழுதும்போது அண்டர்கிளாஸ் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். பொருளாதாரம் மாறுகிறது, இயந்திரங்கள் வருகின்றன, படிப்புக் குறைந்தவர்களுக்கு வேலை இல்லாமல் போகிறது. அவர்கள் நாட்டின் வாழ்க்கையிலிருந்தே அறுந்துபோகிறார்கள் என்பது அவர் வாதம். அதில் அவர்களைக் குறைசொல்லும் தொனி இல்லை. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் பத்திரிகைகள் அதே சொல்லை எடுத்து நகர்ப்புறக் கருப்பின ஏழைகள் மேல் ஒட்டின. வேலையின்மை பின்னால் போய், நடத்தை முன்னால் வந்துவிட்டது. சார்லஸ் மர்ரே என்ற அமெரிக்க எழுத்தாளர் 1989இல் பிரிட்டனுக்கு வந்து, இங்கேயும் ஒரு அண்டர்கிளாஸ் உருவாகிறது என்று எழுதினார். அவர் பார்த்த அறிகுறிகள் மூன்று: திருமணத்துக்கு வெளியே பிறக்கும் குழந்தைகள், வன்முறைக் குற்றம், வேலைக்குப் போக மறுக்கும் இளைஞர்கள். ஏழைகளில் இரண்டு வகை உண்டு, தான் பேசுவது பணம் இல்லாதவர்களைப் பற்றி அல்ல, நடத்தை கெட்டவர்களைப் பற்றி என்று அவரே சொன்னார். எத்தனை ஏழைகள் என்ற கேள்வி அதோடு எப்படிப்பட்ட ஏழைகள் என்ற கேள்வியாகிவிட்டது.

சமூக விலக்கம் என்ற கருத்து இதற்கு மாற்றாகப் பிரான்சிலிருந்து வந்தது. 1974இல் ரெனே லெனுவார் என்ற அரசு அதிகாரி, பிரெஞ்சு மக்களில் பத்தில் ஒருவர் விலக்கப்பட்டவர் என்று எழுதினார். மாற்றுத்திறனாளிகள், முதியவர்கள், சமூகக் காப்பீட்டின் வலைக்கு வெளியே விழுந்தவர்கள் எல்லாரும் அதில் அடக்கம். விலக்கம் என்று சொன்னவுடனே விலக்கியது யார், எது என்ற கேள்வி வருகிறது. அதுதான் இந்தக் கருத்தின் பலம். ஆனால் அந்தக் கேள்வியை யாரும் கேட்காமல் விட்டுவிடவும் முடியும். லெவிட்டாஸ் 1998இலேயே இதைச் சொல்லியிருந்தார். சமூக விலக்கம் என்று பேசுகிறவர்களில் மூன்று விதமானவர்கள் இருக்கிறார்கள்: வருமானமும் வளமும் பங்கிடப்படாததுதான் காரணம் என்பவர்கள், கூலி வேலையில் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள், விலக்கப்பட்டவர்களின் ஒழுக்கம்தான் காரணம் என்பவர்கள். மூவரும் ஒரே வார்த்தையைச் சொல்வதால், முதல் கூட்டத்தில் ஆரம்பித்த பேச்சு மூன்றாவது கூட்டத்தில் போய் முடிவது யாருக்கும் தெரிவதில்லை. 1,20,000க்கு நடந்ததும் அதுதான். சமூக விலக்கத்தை அளந்து எடுத்த எண், நான்கே ஆண்டுகளில் ஒழுக்கக் கேட்டின் எண்ணாக மாறிவிட்டது.

இனி ஒரு குடும்பத்தைப் பார்ப்போம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். இரண்டு படுக்கையறை வீடு. கணவருக்குக் கூரை வேலையில் விழுந்து முதுகில் அடி. மனைவிக்கு மனச்சோர்வு, மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். மூத்த மகனுக்கு 13 வயது. கோப்பின் முதல் பக்கத்தில் மூன்று வாக்கியங்கள் இருந்தன. ‘மூன்று தலைமுறையாக வேலை செய்யாத குடும்பம்.’ ‘சேவைகளோடு ஒத்துழைப்பதில்லை.’ ‘மகனின் படிப்பில் பெற்றோருக்கு அக்கறை இல்லை.’ மூன்றையும் எழுதியவர்கள் வேறு வேறு அலுவலகங்களில் இருந்தவர்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை, நேரம் இல்லாதவர்கள்.

முதல் வாக்கியத்தைச் சோதிப்பது எளிது. ஒரு தாளை எடுத்து, பள்ளியை விட்ட ஆண்டிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு வேலையையும் கேட்டு எழுத வேண்டியதுதான். ‘வேலை பார்த்திருக்கிறீர்களா’ என்று கேட்டால், மனம் நொந்து இருப்பவர்கள் பெரும்பாலும் ‘பெரிதாக எதுவும் இல்லை’ என்பார்கள். ‘அந்த வருடம் கிறிஸ்துமஸ் சமயத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்’ என்று கேட்டால் வேறு பதில் வரும். இந்த அம்மாவின் தாள் நிறைந்துவிட்டது. முதியோர் இல்லத்தில் உதவியாளர், பண்டிகைக் காலத்தில் கிடங்கில் பொட்டலம் கட்டுவது, அலுவலகங்களில் அதிகாலைத் துப்புரவு, மறுபடி முதியோர் இல்லம், அப்புறம் இத்தனை மணி நேரம் என்று உறுதி இல்லாத ஒப்பந்தத்தில் ஒரு உணவுத் தொழிற்சாலை. எந்த வேலையும் இரண்டு வருடத்தைத் தாண்டவில்லை. அவர் விட்டுவிட்டுப் போன வேலைகளைவிட அவரை விட்டுவிட்டுப் போன வேலைகள் அதிகம். அவருடைய அப்பா எஃகு ஆலையில் இருந்தவர். ஆலை மூடிய பிறகு வேலை கிடைக்கவில்லை. அம்மா கடைசிவரை பள்ளிச் சமையலறையில் இருந்தார். மூன்று தலைமுறை என்று கோப்பு சொன்னது, உண்மையில் ஒரு ஆலை மூடியதும் அதற்குப் பிறகு நிலையான வேலை வராததும்தான்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. டிரேசி ஷில்ட்ரிக், ராபர்ட் மெக்டொனால்ட் முதலானோர் 2012இல் ஜோசப் ரவுன்ட்ரீ அறக்கட்டளைக்காக ஓர் ஆய்வு செய்தார்கள். மூன்று தலைமுறையாக ஒருவருமே வேலை செய்யாத குடும்பங்களைத் தேடி மிடில்ஸ்பரோவிலும் கிளாஸ்கோவிலும் மிக ஏழ்மையான பகுதிகளில் அலைந்தார்கள். அப்படி ஒரு குடும்பம்கூடக் கிடைக்கவில்லை. கடைசியில் நிபந்தனையைத் தளர்த்தி, இரண்டு தலைமுறையாக நீண்டகாலம் வேலை இல்லாத 20 குடும்பங்களைப் பேட்டி எடுத்தார்கள். அந்த வீடுகளிலும் பெற்றோர் தங்கள் நிலை பிள்ளைகளுக்கு வரக் கூடாது என்றுதான் சொன்னார்கள். குறைந்த கூலி, கூலியே இல்லாத நாட்கள், மறுபடி குறைந்த கூலி என்று சுழல்கிற வாழ்க்கையை இதே ஆய்வாளர்கள் வேறொரு நூலிலும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். எந்த ஒரு நாளில் போய்க் கணக்கெடுத்தாலும் சிலர் வேலையில்லாமல் இருப்பார்கள். அதனால் வேலையே செய்யாத ஒரு கூட்டம் நிரந்தரமாக இருப்பது போலத் தெரியும். ஆறு மாதம் கழித்துப் போனால் ஆட்கள் மாறியிருப்பார்கள்.

இரண்டாவது வாக்கியம், ஒத்துழைப்பதில்லை என்பது. இதற்கு ஆதாரமாக, வராமல் போன சந்திப்புகளின் பட்டியல் இருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் நான்கு விஷயங்களைக் கேட்டு எழுதினேன்: நேரத்தை முடிவு செய்தது யார், தகவல் எந்த வழியில் போனது, எந்த முகவரிக்கு, அந்த நேரத்தில் இவர்கள் எங்கே இருந்திருக்க வேண்டும். குடும்பம் ஏழு மாதம் முன்பு தற்காலிக வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு மாறியிருந்தது. வாடகை உதவி கொடுக்கும் அலுவலகத்துக்குப் புதிய முகவரி தெரியும். வேலைவாய்ப்பு அலுவலகத்தின் ஒரு பிரிவுக்குத் தெரியும், இன்னொரு பிரிவில் பழைய முகவரியே இருந்தது. கடிதங்கள் அங்கே போய்க்கொண்டிருந்தன. கைபேசியில் முன்பணம் தீர்ந்தால் அழைப்பு வரும், திருப்பி அழைக்க முடியாது. அழைத்த அலுவலகத்தின் எண் திரையில் தெரியவும் தெரியாது. இப்படித் தவறிய ஒரு சந்திப்புக்காகக் கணவரின் உதவித்தொகை நான்கு வாரம் நிறுத்தப்பட்டிருந்தது. அப்போதைய விதிப்படி அது முதல் நிலைத் தண்டனை.

இதில் செய்ய முடிந்தது ஒன்று இருந்தது. அந்த முடிவை மறுபரிசீலனை செய்யச் சொல்லி ஒரு மாதத்துக்குள் கேட்கலாம். ‘நியாயமான காரணம்’ இருந்தால் தண்டனையை நீக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. முகவரி மாற்றத்தைத் தெரிவித்த தேதி, அதற்கு வந்த ஒப்புகை, வேறொரு பிரிவு புதிய முகவரிக்கு அனுப்பிய ஒரு கடிதத்தின் நகல், இந்த மூன்றையும் சேர்த்து அனுப்பினோம். பணம் திரும்ப வந்தது. இப்படிக் கடிதம் எழுதும்போது குடும்பத்தின் கஷ்டத்தை விவரித்துப் பயன் இல்லை. முடிவெடுக்கும் அதிகாரிக்குக் கஷ்டத்தைப் பார்த்து முடிவை மாற்ற அதிகாரம் குறைவு. தேதியைப் பார்த்து மாற்ற அதிகாரம் உண்டு. இரக்கத்தைக் கேட்கும் கடிதங்களைவிட ஒப்புகைச் சீட்டு இணைத்த கடிதங்களே எனக்கு அதிகம் பலித்தன.

மூன்றாவது வாக்கியம்தான் என்னை ரொம்பப் பாதித்தது. மகனின் பள்ளி வருகை மோசம். இங்கிலாந்தில் ஒரு பள்ளி நாளை இரண்டு அமர்வுகளாகப் பதிவு செய்வார்கள். ஆண்டுக்கு 190 நாள், அதாவது 380 அமர்வுகள். அனுமதியில்லாமல் வராத அமர்வுகள் கடைசி மூன்று பருவத்தில் 15 சதவீதம் இருந்தால் திட்டத்தின் பள்ளி வருகை அளவுகோலுக்குள் குடும்பம் வந்துவிட்டதாக அப்போது கொண்டார்கள். முழு ஆண்டுக்கு அது 57 அமர்வு. இந்தப் பையனுக்கு 60ஐத் தாண்டியிருந்தது. சுருக்கத் தாளில் மொத்தம் மட்டும்தான் இருந்தது. பள்ளியிடம் முழுப் பதிவேட்டைக் கேட்டேன். அதில் ஒவ்வொரு அமர்வுக்கும் ஓர் எழுத்து இருக்கும். U என்ற எழுத்து வரிசையாக வந்துகொண்டிருந்தது. பதிவேட்டை மூடிய பிறகு வந்தான் என்பதற்கான குறியீடு அது. அரை மணி நேரம் தாமதமாக வந்து, மீதி நேரம் முழுக்க வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும், அந்த முழு அமர்வும் அனுமதியில்லாத விடுப்பாகத்தான் கணக்கில் ஏறும். அறுபதுக்கு மேற்பட்ட அமர்வுகளில் நாற்பத்தைந்தாவது இந்த வகை. அத்தனையும் காலை அமர்வு.

ஏன் தாமதம்? வீடு மாறியபோது ஏழு வயதுத் தங்கைக்குப் பக்கத்துப் பள்ளியில் இடம் இல்லை. பழைய பள்ளியிலேயே தொடர்ந்தாள். அது நகரத்தின் இன்னொரு பக்கம். அப்பாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. அம்மாவால் எழுந்திருக்கவே முடியாத காலைகள் உண்டு. அந்தக் காலைகளில் அண்ணன்தான் தங்கையைப் பேருந்தில் கூட்டிப்போய் விட்டுவிட்டு, அடுத்த பேருந்தைப் பிடித்துத் தன் பள்ளிக்குப் போவான். இரண்டு பள்ளியும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தொடங்கும். பள்ளியில் கேட்டபோது அவன் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும், சமூக நலத்துறை வந்து தங்களைப் பிரித்துவிடும் என்று பயம். வகுப்பாசிரியர் கண்ணுக்கு அவன் திமிராகப் பேசாமல் நிற்கிற பையன். நான் கேட்டதும்கூடப் பையனிடம் இல்லை. ‘காலையில் முதலில் எழுந்திருப்பது யார், அப்புறம் என்ன நடக்கும்’ என்று அம்மாவிடம் கேட்டேன். அவர் அழுதுகொண்டே சொன்னார்: “அவன் இல்லாவிட்டால் சின்னவள் பள்ளிக்கே போயிருக்க மாட்டாள்.”

அக்கறை இல்லாத குடும்பம் என்று எழுதப்பட்ட இடத்தில், 13 வயதுப் பையன் ஒருவன் தாயின் வேலையைச் செய்துகொண்டிருந்தான். எழுதியவர் பொய் எழுதவில்லை. வருகைக் கணக்கு உண்மை. கணக்குக்கும் காரணத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியை ஒரு குணச் சொல்லால் நிரப்பிவிட்டார், அவ்வளவுதான். அண்டர்கிளாஸ் என்ற சொல்லை எதிர்ப்பவர்கள் சொல்வதும் சுருக்கமாக இதுவே. எங்கெல்லாம் காரணம் தெரியவில்லையோ அங்கெல்லாம் அந்தச் சொல் ஒரு ஆயத்தக் காரணத்தைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. அப்புறம் யாரும் பேருந்து நேரத்தைக் கேட்க மாட்டார்கள்.

தீர்வு சிறியது. தங்கையின் பள்ளியில் எட்டு மணிக்குத் தொடங்கும் காலை உணவு நேரம் ஒன்று இருந்தது. கட்டணத்தைப் பள்ளி தள்ளுபடி செய்தது. அவளைச் சீக்கிரமே விட்டுவிட்டு அண்ணன் தன் பள்ளிக்கு நேரத்துக்குப் போக முடிந்தது. வீட்டாரைப் பார்த்துக்கொள்ளும் ‘இளம் பராமரிப்பாளர்’ என்று அவனைப் பதிவு செய்ததில், ஒரு நாள் தாமதமானாலும் பள்ளி முதலில் காரணம் கேட்டது. அடுத்த மூன்று பருவங்களில் அவன் வருகை அளவுக்குள் வந்துவிட்டது.

இங்கேதான் திட்டத்தின் கணக்கு என்னைத் தூங்கவிடாமல் செய்தது. வருகையும் நடத்தையும் குறிப்பிட்ட அளவுக்கு மாறினால், குடும்பம் ‘திருப்பிப் போடப்பட்டது’ என்று பதிவாகும். முன்கூட்டியே கொடுத்த பணத்தையும் சேர்த்து உள்ளாட்சிக்கு ஒரு குடும்பத்துக்கு 4,000 பவுண்டு வரை கிடைத்தது. இந்தக் குடும்பமும் அப்படிப் பதிவானது. அந்த நாளில் நான் அந்த ஏழு குறைகளையும் எடுத்து வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வேலை இல்லை, இரண்டு அறையில் ஐந்து பேர், தாய்க்கு மனச்சோர்வு, தந்தைக்கு முதுகு, வருமானம் அதே நிலையில். ஐந்தும் அப்படியே இருந்தன. எந்தக் குறைகளை எண்ணி இவர்களை 1,20,000இல் சேர்த்தார்களோ, அவற்றில் ஒன்றுகூட மாறாமல் இவர்கள் வெற்றிக் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். 2015இல் அரசு, ஏறத்தாழ 99 சதவீதக் குடும்பங்கள் திருப்பிப் போடப்பட்டுவிட்டன என்று அறிவித்தது. 2016 அக்டோபரில் வெளியான தேசிய மதிப்பீட்டின் முடிவு வேறு மாதிரி இருந்தது. வேலை, உதவித்தொகை, பள்ளி வருகை, குற்றம் ஆகிய முக்கிய அளவுகளில் திட்டத்தால் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்பட்டதாக ஆய்வாளர்களால் காட்ட முடியவில்லை.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் அளவுகோல்களை விரித்தார்கள். குடும்ப வன்முறை, உடல்நலம் எல்லாம் உள்ளே வந்தன. 2019இல் வந்த மதிப்பீடு, அரசுப் பராமரிப்புக்குப் போகும் பிள்ளைகளின் விகிதம் குறைந்ததாகக் காட்டியது. ஒரே பணியாளர் ஒரு வீட்டோடு நீண்ட நாள் பழகுவதால் நன்மை உண்டு என்பதை நானும் பார்த்திருக்கிறேன். அதேபோல, என்னிடம் வந்த எல்லாக் குடும்பங்களும் மேலே சொன்ன குடும்பம் போல இல்லை. பிள்ளைகளை அடித்த அப்பா இருந்தார். தெருவையே பயமுறுத்திய சகோதரர்கள் இருந்தார்கள். அங்கே காரணத்தைத் தேடுவதற்கு முன்னால் பாதுகாப்பைத் தேட வேண்டியிருந்தது. பழி போடுவதை எதிர்ப்பவர்கள் இதை மறுக்கிறார்கள் என்று சிலர் சொல்வது சரியல்ல. வில்லியம் ஜூலியஸ் வில்சன் 1987இல் எழுதிய நூலில், சிகாகோவின் ஏழைப் பகுதிகளில் நடத்தைப் பிரச்சினைகள் இருப்பதை மூடி மறைக்கக் கூடாது என்றே வாதிட்டார். தொழிற்சாலைகள் போனதும், வசதி வந்த குடும்பங்கள் வெளியேறியதும், வேலை பற்றித் தகவல் சொல்ல ஆளே இல்லாமல் போனதும் சேர்ந்துதான் அந்த நடத்தையை உருவாக்கின என்று காட்டினார். அண்டர்கிளாஸ் என்ற சொல்லை அவரே பயன்படுத்தியவர். பத்திரிகைகள் அதை வேறு அர்த்தத்தில் வீசத் தொடங்கியதைப் பார்த்து, 1990இல் அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் தலைவராகப் பேசும்போது அதற்குப் பதிலாக வேறு சொல்லை முன்வைத்தார்.

அடித்த அப்பாவின் செயலை அவர் செயலாகவே எழுத வேண்டும். தேதியோடு, என்ன நடந்தது என்று. அதையும் U குறியீட்டையும் ஒரே தலைப்பின் கீழ் போடுவதுதான் தவறு. அமெரிக்கச் சமூகவியலாளர் ஹெர்பர்ட் கான்ஸ் போன்றவர்கள் இந்தச் சொல்லில் கண்ட பெரிய ஆபத்தும் அதுவே. கைவிடப்பட்ட தாய், வேலை இழந்த தொழிலாளி, போதைக்கு அடிமையானவர், வீடற்றவர், திருடன் எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. ஒருவருடைய குற்றம் அடுத்தவருடைய கணக்கிலும் ஏறிவிடுகிறது.

இதே மாதிரி வேலையில் இருப்பவர்களுக்காக, நான் கடைப்பிடித்த எழுத்து முறையைச் சொல்கிறேன். பள்ளி ஆலோசகர், செவிலியர், தொண்டர் என யாராக இருந்தாலும் இது உதவும். குடும்பத்தைப் பற்றிய குறிப்பில் குணச்சொல் வந்தால் அங்கே பேனாவை நிறுத்துவேன். ‘அக்கறை இல்லை’, ‘ஒத்துழைப்பதில்லை’, ‘ஊக்கம் இல்லை’ என்ற இடத்தில் நான் உண்மையில் பார்த்தது என்ன என்று எழுதுவேன்: எந்தத் தேதி, என்ன எதிர்பார்க்கப்பட்டது, என்ன நடந்தது. அதற்குக் கீழே குடும்பம் சொல்லும் காரணத்தை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுவேன், நான் நம்பினாலும் நம்பாவிட்டாலும். அந்தக் காரணம் சரிபார்க்கக் கூடியதாக இருந்தால் சரிபார்த்த முடிவையும் சேர்ப்பேன். காரணம் கிடைக்கவே இல்லை என்றால் ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதுவேன். இந்த இரண்டு சொற்களை எழுத அலுவலகங்களில் ஏனோ தயக்கம் அதிகம். தெரியவில்லை என்று எழுதினால் வேலை செய்யவில்லை என்று மேலதிகாரி நினைப்பார் என்ற பயம். ஆனால் அடுத்து வரும் பணியாளர் மறுபடி கேட்பதற்கு வழி விடுவது அந்த இரண்டு சொற்கள்தான். குணச்சொல் எழுதிய இடத்தில் யாரும் மறுபடி கேட்பதில்லை.

பல துறைகள் கூடிப் பேசும் கூட்டங்களில் வேறொரு உபாயம் வேண்டும், ஏனென்றால் அங்கே பேச்சு தானாகவே நடத்தையின் பக்கம் சாயும். ஒவ்வொரு துறையும் தன் கண்ணில் பட்ட நடத்தையைச் சொல்லும். இடநெருக்கடி எந்தத் துறையின் பொறுப்பும் இல்லை. அதனால் கூட்டத்துக்கு முன்பே அந்த ஏழு குறைகளையும் இடதுபக்கம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இதை மாற்றக்கூடிய அதிகாரம் யாரிடம்’ என்று ஒரு பத்தி போட்ட தாளை எல்லாருக்கும் கொடுத்துவிடுவேன். கூட்டம் முடியும்போது வலதுபக்கம் எல்லாம் குடும்பத்தின் பெயரே இருந்தால், நாம் இன்னும் எதையும் பேசவில்லை என்று அர்த்தம். இந்தக் குடும்பத்துக்கு முதல் கூட்டத்தில் அப்படித்தான் இருந்தது: பெற்றோர் வளர்ப்புப் பயிற்சிக்குப் போக வேண்டும், பெற்றோர் காலையில் எழ வேண்டும், பெற்றோர் தொலைபேசியை எடுக்க வேண்டும். இரண்டாவது கூட்டத்தில் மனநலச் சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல், முகவரித் திருத்தம், வீட்டு ஒதுக்கீடு மூன்றுக்கும் எதிரே அதிகாரிகளின் பதவிப் பெயர்கள் வந்தன.

அந்தத் தாளையும், திருத்தி எழுதிய குறிப்பையும் வைத்துப் பெரிய வீட்டுக்கான விண்ணப்பத்தை மறுபடி அனுப்பினோம். முந்தைய விண்ணப்பத்துக்கு வந்த பதில், குடும்பம் ஆதரவுத் திட்டத்தோடு ஒத்துழைப்பது முக்கியம் என்று அறிவுரை சொல்லியிருந்தது. இந்த முறை வந்த பதிலில் ஐந்து பேருக்கு எத்தனை படுக்கையறை தேவை என்ற கணக்கு இருந்தது. மூன்று. முன்னுரிமைப் பட்டியலில் ஒரு படி மேலே ஏற்றியிருந்தார்கள். நான் அந்த வேலையை விட்டு வந்தபோது அவர்கள் இன்னும் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.